ஒரு விகிதத்தை மதிப்பிட எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? மாதிரி அளவைக் கணக்கிடும் முறை

ஒரு மருத்துவ மையத்தின் பதிவேட்டில், உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் 1,200 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் எத்தனை சதவீதம் பேர் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மையத்தின் பொறுப்பாளர் அறிய விரும்புகிறார். 1,200 பேரையும் கேட்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டும். அந்தச் சிலர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இதற்கான சூத்திரம் ஒரே வரியில் அடங்கிவிடும். கணக்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடினமானது சூத்திரத்துக்குள் எந்த எண்களை இடுவது என்று தீர்மானிப்பதும், வெளியே வரும் எண் எதைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்வதும்தான். ஆய்வுத் திட்டங்களைப் படித்துப் பார்க்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை இதுவே: 384 என்ற எண் எழுதப்பட்டிருக்கும், ஆனால் அது எப்படி வந்தது என்று எழுதியவருக்கே சொல்லத் தெரியாது. எனவே இந்த ஒரே எடுத்துக்காட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்ந்து, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஐயத்துக்கு இடமில்லாமல் வரையறுக்கப்படாவிட்டால், மாதிரியின் அளவைக் கணக்கிடுவதில் பொருளே இல்லை. "ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்ளலாம். "கடந்த 7 நாட்களில் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை" என்பதற்கோ ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள்தான் உண்டு. நாம் பயன்படுத்தப் போகும் சூத்திரம் இப்படி இரண்டில் ஒன்றாக விடை அமையும் கேள்விக்கு மட்டுமே உரியது. சராசரி ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அறிய விரும்பினால், அதற்குரிய சூத்திரம் வேறு.

பின்னத்தின் கீழே நிற்பது முழுமைத்தொகுதி, அதாவது யாரைப் பற்றி முடிவு சொல்லப் போகிறோமோ அவர்கள் அனைவரும். இங்கே அது பதிவேட்டில் உள்ள 1,200 பேர். இந்தப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருக்கலாம். வேறு ஊருக்குப் போய்விட்டவர்களின் பெயர் நீக்கப்படாமல் இருக்கலாம். பட்டியலில் உள்ள பிழை அப்படியே மாதிரிக்குள்ளும் இறங்கும்.

பிழை வரம்பை முடிவிலிருந்து பெறுங்கள்

மாதிரியிலிருந்து கிடைக்கும் சதவீதம், 1,200 பேரையும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உண்மைச் சதவீதத்திலிருந்து சற்று விலகியே இருக்கும். அந்த விலகல் எவ்வளவு வரை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று நாம் முன்கூட்டியே தீர்மானிக்கும் அளவுதான் பிழை வரம்பு. சூத்திரத்தில் அதை `d` என்று குறிக்கிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் 5% என்றே எழுதுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் ஏன் 5 என்று கேட்டால் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை, ஆய்வு முடிந்த பிறகு எடுக்கப்போகும் முடிவில் தேட வேண்டும். நம் எடுத்துக்காட்டில், ஒழுங்காக மாத்திரை எடுப்போர் 60 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், வாரம் ஒருமுறை தொலைபேசியில் நினைவூட்டும் பணியைத் தொடங்குவது என்று பொறுப்பாளர் தீர்மானித்திருக்கிறார். உண்மை நிலை 70 சதவீதத்தை ஒட்டி இருக்கக்கூடும் என்பது மையத்தில் பணிபுரிவோரின் எண்ணம். 70-க்கும் 60-க்கும் இடையே 10 புள்ளிகள் உள்ளன. பிழை வரம்பையும் 10 என்றே வைத்தால், 70% என்ற விடை கிடைத்தாலும் உண்மை 60 ஆக இருக்கக்கூடும் என்ற ஐயம் நீங்காது. வரம்பை 5 என்று வைத்தால் அந்த ஐயத்துக்கு இடமிருக்காது. இரண்டு புள்ளி வரை துல்லியம் வேண்டும் என்று கேட்பதோ இந்த முடிவுக்குத் தேவையில்லாதது. இப்படி வந்து சேரும் 5-க்கும், பழக்கத்தால் எழுதும் 5-க்கும் வேறுபாடு உண்டு.

இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். 5 என்பது சதவீதப் புள்ளிகளைக் குறிக்கிறது. மதிப்பீடு 70% என்றால் வரம்பு 65 முதல் 75 வரை. எழுபதில் ஐந்து சதவீதம் என்று பொருள் கொண்டால் 66.5 முதல் 73.5 வரை ஆகிவிடும். அதற்குத் தேவையான மாதிரி இரண்டு மடங்குக்கும் மேல். திட்டத்தில் "5 சதவீதப் புள்ளிகள்" என்று முழுமையாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

நம்பிக்கை மட்டம்

எத்தனை பேரைக் கேட்டாலும், தற்செயலாக ஒருதலைப்பட்சமான மாதிரி அமைந்துவிடும் வாய்ப்பு சிறிதளவாவது இருக்கும். 95% நம்பிக்கை மட்டம் என்றால், இதே முறையில் திரும்பத் திரும்ப நூறு மாதிரிகளை எடுத்தால் அவற்றில் ஏறத்தாழ 95 மாதிரிகள் தரும் இடைவெளிக்குள் உண்மை விகிதம் அடங்கியிருக்கும் என்று பொருள். இயல்நிலைப் பரவலிலிருந்து இதற்குக் கிடைக்கும் `z` மதிப்பு 1.96. 90% போதுமென்றால் 1.645, 99% வேண்டுமென்றால் 2.576. தக்க காரணம் இல்லாதவரை 95 சதவீதத்திலேயே இருந்துவிடுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் இதையே பின்பற்றுவதால், உங்கள் முடிவைப் பிறர் முடிவுகளோடு ஒப்பிடுவதும் எளிதாக இருக்கும்.

விடை தெரியாமலே விடையை ஊகிப்பது

சூத்திரம் கேட்கும் மூன்றாவது எண்தான் புதியவர்களைத் திகைக்க வைக்கிறது. எந்த விகிதத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பினோமோ, அந்த விகிதமே, அதாவது `p`, கணக்கிடுவதற்கு முன்பே தேவைப்படுகிறது. காரணம் எளிது. ஏறத்தாழ எல்லோரும் ஒரே விடையைச் சொல்லும் கூட்டத்தில் சிலரைக் கேட்டாலே நிலைமை விளங்கிவிடும். பாதிப்பேர் ஆம் என்றும் பாதிப்பேர் இல்லை என்றும் சொல்லும் கூட்டத்தில் அதிகம் பேரைக் கேட்டால்தான் விளங்கும். இந்தக் கலப்பின் அளவைத்தான் `p(1-p)` என்ற பெருக்கல் காட்டுகிறது. `p` 0.5 ஆக இருக்கும்போது இது 0.25 என்ற உச்சத்தைத் தொடுகிறது. 0.3 அல்லது 0.7 ஆக இருந்தால் 0.21, 0.1 அல்லது 0.9 ஆக இருந்தால் 0.09.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 0.3-க்கும் 0.7-க்கும் இடையில் `p` எங்கே இருந்தாலும் பெருக்கற்பலன் 0.21-க்கும் 0.25-க்கும் இடையிலேயே நிற்கிறது. எனவே அந்த எல்லைக்குள் ஊகம் சற்றுப் பிசகினாலும் மாதிரியின் அளவு பெரிதாக மாறிவிடாது. முன்னர் செய்யப்பட்ட நம்பத்தகுந்த ஆய்வு ஒன்று, இதே போன்ற மக்களிடம், இதே வரையறையில் செய்யப்பட்டிருந்தால் அதன் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று இல்லாவிட்டால் 0.5 என்று வைத்துவிடுங்கள். அது மிக அதிகமான மாதிரியைத் தரும்; ஆனால் எந்த உண்மை விகிதத்துக்கும் போதுமானதாக இருக்கும். பணிபுரிவோரின் எண்ணம் 70% என்று மேலே சொன்னேன். அது வெறும் எண்ணமே தவிர அளந்து பெற்றது அல்ல என்பதால், நம் கணக்கில் 0.5 என்றே கொள்கிறேன்.

கணக்கு

```
n0 = z^2 * p * (1 - p) / d^2
```

எண்களை இடுவோம். 1.96-ஐ வர்க்கப்படுத்தினால் 3.8416. அதை 0.25-ஆல் பெருக்கினால் 0.9604. வரம்பு 5 புள்ளிகள் என்பதை 0.05 என்று எழுதி வர்க்கப்படுத்தினால் 0.0025. வகுத்தால் 384.16 வருகிறது. எல்லோரும் எழுதும் 384 இங்கிருந்துதான் வந்தது. கண்டிப்பாகச் சொன்னால் அது 385 ஆக இருக்க வேண்டும். ஏனென்றால் 384 பேர் என்பது கேட்ட துல்லியத்துக்கு ஒரு துளி குறைவு. மாதிரியின் அளவை எப்போதும் மேல்நோக்கியே முழு எண்ணாக்க வேண்டும். ஆனால் இப்போதே முழு எண்ணாக்காமல் 384.16 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது.

அதற்கு முன், வகுக்கும் எண்ணில் `d` வர்க்கமாக நிற்பதைப் பாருங்கள். வரம்பைப் பாதியாக்கினால் மாதிரி நான்கு மடங்காகிறது. 10 புள்ளிகளுக்கு 97 பேர், 5 புள்ளிகளுக்கு 385 பேர், 3 புள்ளிகளுக்கு 1,068 பேர், 2 புள்ளிகளுக்கு 2,401 பேர், 1 புள்ளிக்கு 9,604 பேர் என்று எண்ணிக்கை ஏறிச் செல்கிறது. துல்லியத்தைக் கூட்டச் சொல்பவரிடம் இந்த வரிசையைக் காட்டினால் போதும். அதற்கு ஆகும் உழைப்பு அவருக்கே விளங்கிவிடும்.

முழுமைத்தொகுதி சிறிதாக இருந்தால்

மேலே உள்ள கணக்கில் 1,200 என்ற எண் எங்குமே வரவில்லை. புதியவர்கள் நம்ப மறுக்கும் உண்மை இது: முழுமைத்தொகுதி போதிய அளவு பெரிதாக இருந்துவிட்டால், அது எவ்வளவு பெரிது என்பது ஏறத்தாழ பொருட்டே அல்ல. ஒரு லட்சம் பேருக்கும் ஒரு கோடிப் பேருக்கும் தேவைப்படும் மாதிரியில் உள்ள வேறுபாடு இரண்டு பேர்தான். "மொத்தத்தில் 10 சதவீதம் பேரைக் கேட்டால் போதும்" என்று பலர் வைத்திருக்கும் விதிக்கு எந்த அடிப்படையும் இல்லை. அந்த விதிப்படி 1,200 பேரில் 120 பேரைக் கேட்டால் துல்லியம் போதாது. ஒரு லட்சத்தில் 10,000 பேரைக் கேட்டால் உழைப்பு வீண்.

ஆனால் தொகுதி சிறிதாக இருந்து, மாதிரி அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும்போது, இன்னும் கேட்கப்படாதவர்கள் குறைந்துவிடுவதால் ஐயமும் குறைகிறது. அதற்கான திருத்தம் இது. இதில் `N` என்பது தொகுதியின் எண்ணிக்கை.

```
n = n0 / (1 + (n0 - 1) / N)
```

383.16-ஐ 1,200-ஆல் வகுத்தால் 0.3193. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் 1.3193. 384.16-ஐ அதனால் வகுத்தால் 291.18. இப்போது மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 292 பேர். இதே திருத்தத்தை 10,000 பேர் கொண்ட தொகுதிக்குச் செய்தால் 370 தான் வரும். அதாவது பதினைந்து பேர் மட்டுமே குறைகிறார்கள்.

இந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தக் கூடாத இடமும் உண்டு. முடிவு பதிவேட்டில் உள்ள இந்த 1,200 பேரைப் பற்றியது மட்டுமே என்றால் திருத்தம் சரி. அடுத்த ஆண்டு வரப்போகும் நோயாளிகளையும், இதுபோன்ற பிற மையங்களில் உள்ளவர்களையும் சேர்த்துப் பொதுவாகப் பேச எண்ணினால், உங்கள் தொகுதி உண்மையில் 1,200 அல்ல. அப்போது 385-ஐயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் `N / (1 + N * e^2)` என்ற ஸ்லோவின் சூத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். இதில் `e` என்பது நம் `d`-தான். நம் 1,200 பேருக்கு அது 300 என்று தருகிறது. அது தனிச் சூத்திரம் எதுவும் அல்ல, `p`-ஐ 0.5 என்றும் `z`-ஐ 1.96-க்குப் பதிலாக 2 என்றும் முன்கூட்டியே வைத்துவிட்டு, திருத்தத்தையும் சற்றுத் தளர்த்திச் சுருக்கியது. நம்பிக்கை மட்டத்தையோ விகிதத்தையோ மாற்ற அதில் இடமில்லை. முழுச் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் சொல்ல முடியும் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

292 என்பது கையில் இருக்க வேண்டிய விடைகள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன. 292 என்பது ஆய்வின் முடிவில் முழுமையாகக் கிடைத்திருக்க வேண்டிய விடைகளின் எண்ணிக்கை. தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் எல்லோரும் கிடைக்கமாட்டார்கள். சிலர் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள், சிலர் மறுப்பார்கள், சிலரின் விடை அரைகுறையாக இருக்கும். ஐந்தில் நான்கு பேராவது விடை தருவார்கள் என்று, முன் அனுபவத்தை வைத்து எதிர்பார்க்கிறோம் என்று கொள்வோம். அதாவது 80%.

இப்போது 292-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். விடை 365. பலர் இங்கே 292-உடன் அதன் 20 சதவீதத்தைக் கூட்டி 351 என்று எழுதிவிடுகிறார்கள். சோதித்துப் பாருங்கள்: 351 பேரில் 80% பேர் விடை தந்தால் கிடைப்பது 281 தான், பதினொரு பேர் குறைகிறார்கள். 365-இல் 80% என்பது மிகச் சரியாக 292. இழப்பு விகிதம் கூடக் கூட இந்தப் பிழையும் பெரிதாகும்.

இந்த 365 பெயர்களையும் தொடக்கத்திலேயே சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பதிவேட்டில் 1 முதல் 1,200 வரை எண்ணிட்டு, விரிதாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே `RAND()` கொண்டு ஒரு சமவாய்ப்பு எண்ணை உருவாக்கி, அந்த எண்களை மதிப்புகளாக ஒட்டி உறையவைத்துவிட்டு, அவற்றின்படி வரிசைப்படுத்தி, முதல் 365 பெயர்களை எடுத்துக்கொண்டால் போதும். ஒருவர் கிடைக்கவில்லை என்பதற்காக, கண்ணில் படும் அடுத்தவரை அவருக்குப் பதிலாகச் சேர்க்கக் கூடாது. அதேபோல் மையத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டு 292-ஐ நிரப்பவும் கூடாது. மாதாமாதம் தவறாமல் மையத்துக்கு வருகிறவர்களே மாத்திரையையும் தவறாமல் எடுக்கிறவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். மையத்துக்கே வராதவர்கள்தான் நாம் அறிய விரும்பும் செய்தியை வைத்திருக்கிறார்கள். பிழை வரம்பு என்ற கணக்கு முழுவதும் சமவாய்ப்புத் தேர்வின் மேல் நிற்கிறது. அந்தத் தேர்வு இல்லாவிட்டால் 292 பேரைக் கேட்டாலும் 900 பேரைக் கேட்டாலும் "கூட்டவோ குறைக்கவோ 5 புள்ளிகள்" என்று சொல்ல உரிமை இல்லை.

விரிதாளில்

B1 முதல் B5 வரையுள்ள கட்டங்களில் முறையே `z`, `p`, `d`, `N`, எதிர்பார்க்கும் விடை விகிதம் ஆகியவற்றை இடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை 1.96, 0.5, 0.05, 1200, 0.8. பிறகு கீழுள்ள நான்கு வரிகளை B6 முதல் B9 வரை வரிசையாகத் தட்டச்சு செய்யுங்கள்.

```
=B1^2*B2*(1-B2)/B3^2
=B6/(1+(B6-1)/B4)
=ROUNDUP(B7,0)
=ROUNDUP(B8/B5,0)
```

384.16, 291.18, 292, 365 என்று வந்தால் எல்லாம் சரியாக உள்ளது. B8-இல் 1 என்று வந்தால், B3-இல் 0.05-க்குப் பதிலாக 5 என்று இட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

விடைகள் வந்த பிறகு

365 பேரில் 292 பேர் விடை தந்து, அவர்களில் 199 பேர் ஒழுங்காக மாத்திரை எடுப்பதாகச் சொன்னார்கள் என்று கொள்வோம். விகிதம் 68.2%. இப்போது பிழை வரம்பை, திட்டமிட்டபோது ஊகித்த 0.5-ஐ விட்டுவிட்டு, கிடைத்த விகிதத்தைக் கொண்டே மீண்டும் கணக்கிட வேண்டும். 0.6815-ஐ 0.3185-ஆல் பெருக்கி 292-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி மதிப்பீடு விலகக்கூடிய அளவு, 0.0273. தொகுதி சிறிது என்பதற்கான திருத்தமாக, மீதமுள்ள 908 பேரை 1,199-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.870. இரண்டையும் பெருக்கி, 1.96-ஆலும் பெருக்கினால் 0.0465 வருகிறது. ஆகவே உண்மை விகிதம் 63.5 சதவீதத்துக்கும் 72.8 சதவீதத்துக்கும் இடையில் இருப்பதாக 95% நம்பிக்கை மட்டத்தில் சொல்லலாம். கீழ் எல்லையே 60-க்கு மேல் நிற்பதால், நினைவூட்டும் பணியை இப்போதைக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று பொறுப்பாளர் முடிவு செய்யலாம்.

ஆனால் விடை தராத 73 பேரை மறந்துவிடக் கூடாது. அவர்களில் 40% பேர் மட்டுமே ஒழுங்காக மாத்திரை எடுக்கிறார்கள் என்று வைத்துப் பாருங்கள். அது 29 பேர். 199-உடன் 29-ஐச் சேர்த்து 365-ஆல் வகுத்தால் 62.5%. நாம் சற்றுமுன் பெருமையோடு எழுதிய இடைவெளிக்கு வெளியே போய்விட்டது. கூடுதல் பெயர்களை எடுத்தது எண்ணிக்கையை ஈடுகட்டியதே தவிர, விடை தந்தவர்களுக்கும் தராதவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஈடுகட்டவில்லை. எனவே தேர்ந்தெடுத்த ஒவ்வொருவரையும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் மூன்று நான்கு முறை தேடிப் பிடிக்க முயல்வது, மாதிரியில் மேலும் நூறு பேரைச் சேர்ப்பதைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாத மூன்று இடங்கள்

ஒன்று, உட்பிரிவுகள். பொறுப்பாளர் முடிவுகளைப் பார்த்தபின், "ஆண்களுக்குத் தனியாக எவ்வளவு?" என்று கேட்பது உறுதி. பதிவேட்டில் 700 பெண்களும் 500 ஆண்களும் இருந்தால், 292 பேரில் ஆண்கள் ஏறத்தாழ 122 பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகப் பிழை வரம்பு 8 புள்ளிகளை எட்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் 5 புள்ளிகள் வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் தனித் தொகுதியாகக் கொண்டு கணக்கிட வேண்டும்: பெண்களில் 249, ஆண்களில் 218, ஆகமொத்தம் 467 விடைகள். இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆய்வு முடிந்தபின் கேட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு, மிக அரிதான நிகழ்வுகள். ஒரு மாத்திரையின் பக்கவிளைவு 2% பேருக்கு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். பழக்கப்படி 5 புள்ளிகள் என்று வரம்பு வைத்துச் சூத்திரத்தில் இட்டால் 31 பேர் போதும் என்று வரும். பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இடைவெளி மைனஸ் 3 முதல் 7 வரை என்று அமைகிறது. விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பதே சூத்திரம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம். மேலும் அந்த 31 பேரில் ஒருவருக்குக்கூடப் பக்கவிளைவு இல்லாமல் போவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அப்படி நேர்ந்தால் வழக்கமான சூத்திரம் "பூஜ்யம், பிழையும் பூஜ்யம்" என்ற பொருந்தாத விடையைத் தரும். 1927-இல் வில்சன் வகுத்த இடைவெளியோ, அதே தரவுக்கு 0 முதல் 11% வரை என்று நேர்மையாகச் சொல்லும். அரிதான நிகழ்வுக்கு வரம்பை எதிர்பார்க்கும் விகிதத்தின் பாதி அல்லது அதற்கும் குறைவாக வைக்க வேண்டும். 2 சதவீதத்துக்கு 1 புள்ளி என்று வைத்தால் 753 பேர் தேவை. அவர்களில் பதினைந்து பேரளவிலாவது பக்கவிளைவு உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதால் மதிப்பீட்டுக்கு ஓர் அடித்தளம் கிடைக்கும்.

மூன்று, கொத்து கொத்தாகத் தேர்ந்தெடுப்பது. மக்கள் பல இடங்களில் பரவியிருக்கும்போது, சில இடங்களை முதலில் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் சிலரைக் கேட்பது வழக்கம். ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதனால் ஒரே கொத்தில் ஏழு பேரைக் கேட்பது, ஏழு வெவ்வேறு இடங்களில் ஏழு பேரைக் கேட்பதைவிடக் குறைந்த செய்தியையே தருகிறது. இந்த இழப்பை ஈடுகட்ட, கணக்கிட்ட எண்ணை வடிவமைப்பு விளைவு என்ற எண்ணால் பெருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி பெற்றோரின் விகிதத்தை அறியப் பல ஆண்டுகள் பயன்படுத்திய 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தைகள் என்ற திட்டம் இப்படிப் பிறந்ததுதான். `p` 0.5, வரம்பு 10 புள்ளிகள் என்று கொண்டால் 96. வடிவமைப்பு விளைவு 2 என்று கொண்டு பெருக்கினால் 192. அதை 30 கொத்துகளுக்குப் பகிர்ந்தால் கொத்துக்கு 6.4, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 7. மொத்தம் 210. உங்கள் ஆய்வு கொத்து முறையில் அமைந்தால், இதே போன்ற முந்தைய ஆய்வுகளில் வடிவமைப்பு விளைவு எவ்வளவு இருந்தது என்று தேடிப் பார்த்து அதைப் பயன்படுத்துங்கள். பெருக்காமல் 292 என்றே விட்டுவிட்டால், வெளியே சொல்லும் 5 புள்ளிகள் உண்மையில் 7 ஆகவோ 8 ஆகவோ இருக்கும்.

திட்டத்தில் எழுத வேண்டியது

கணக்கு முடிந்ததும் அதை ஒரே பத்தியில், படிப்பவர் தானே செய்து சரிபார்க்கும்படி எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டுக்கு அது இவ்வாறு அமையும்: "பதிவேட்டில் உள்ள 1,200 பேரில், கடந்த 7 நாட்களில் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாதவர்களின் விகிதத்தை, 95% நம்பிக்கை மட்டத்தில் 5 சதவீதப் புள்ளிகளுக்குள் மதிப்பிட வேண்டும். நம்பத்தகுந்த முந்தைய மதிப்பீடு இல்லாததால் விகிதம் 0.5 எனக் கொள்ளப்பட்டது. தொகுதியின் அளவுக்குத் திருத்தியபின் தேவைப்படும் விடைகள் 292. விடை விகிதம் 80% என எதிர்பார்த்து, 365 பேர் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். கிடைக்காதவர்களுக்குப் பதிலாக வேறு எவரும் சேர்க்கப்படமாட்டார்கள்."